இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி விழாத் திட்டமிடலைக் கற்பித்தல்: கால வரைபடமும் பொறுப்பாளர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாண்டிலிருந்தே விழா வேலை பார்த்தவர்கள்தானே இவர்கள்? தனியாக இதைக் கற்பிக்க என்ன இருக்கிறது?

இவர்களுக்கு ஓடியாடி வேலை செய்வது நன்றாகத் தெரியும். கடைசி வாரத்தில் இரவும் பகலும் உழைத்து எதையாவது சரிக்கட்டிவிடும் திறமையும் உண்டு. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதை மட்டும் இவர்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை. கீழாண்டு மாணவராக இருந்தபோது யாரோ சொன்ன வேலையைச் செய்தார்கள். இப்போது சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள். கற்பிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

நான் இந்தப் பயிற்சியை ஒரு கேள்வியோடு தொடங்குவது வழக்கம். வெளிக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளும் ஒருநாள் கருத்தரங்கை நடத்த எத்தனை வாரம் தேவை என்று கேட்பேன். பெரும்பாலும் நான்கு வாரம் என்றே பதில் வரும். அதை மறுக்காமல் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன். இரண்டாவது வகுப்பின் முடிவில் மாணவர்களே அந்த எண்ணைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், நான் மறுப்பதை விட அது பயனுள்ளது.

முதல் வகுப்பிலேயே வரைபடம் போடச் சொல்லலாமா?

வேண்டாம். கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்தால், மாணவர்கள் உடனே பட்டைகளை அழகாக வண்ணம் தீட்டத் தொடங்கிவிடுவார்கள். நாள்களை யோசித்து நிரப்பாமல் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும்படி நிரப்புவார்கள். கேன்ட் சார்ட் என்று அழைக்கப்படும் இந்தப் பட்டை வரைபடத்தை 1910களில் பரவலாக்கியவர் ஹென்றி கேன்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஒரு வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைக் காட்டுவதில் அதற்கு இணையில்லை. ஆனால், ஒரு வேலை ஏன் அந்த நாளில்தான் தொடங்க முடியும் என்பதை வெறும் பட்டை சொல்லாது. அந்தக் காரணத்தை வரைபடத்துக்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

எனவே முதல் வகுப்புக்குத் துண்டுச் சீட்டுகளும் ஒரு நீளமான சுவரும் போதும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வேலை, அதற்குத் தேவைப்படும் வேலைநாள்கள், அது முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். ஒருநாள் கருத்தரங்குக்கு இருபத்தைந்து சீட்டுகளுக்குள் அடங்கிவிடும். அரை நாளுக்கும் குறைவான வேலைகளைச் சேர்த்து ஒரே சீட்டாக்கலாம்; பத்து நாளுக்கு மேல் நீளும் வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று வேலைகளின் மூட்டையாக இருக்கும் என்பதால் அதைப் பிரிக்கச் சொல்லலாம்.

சீட்டுகள் தயாரான பின், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: “இந்த வேலையைத் தொடங்க உங்கள் கையில் எது இருந்தாக வேண்டும்?” சான்றிதழ் அச்சிடும் சீட்டை எடுத்துக்கொள்வோம். பங்கேற்பாளர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்பார்கள். பட்டியலுக்குப் பதிவு முடிந்திருக்க வேண்டும். பதிவு தொடங்க அழைப்பிதழ் வெளியாகியிருக்க வேண்டும். அழைப்பிதழுக்குச் சிறப்பு விருந்தினரின் பெயர் வேண்டும். அவரை அழைப்பதற்கு முன் தேதியும் அரங்கமும் உறுதியாகியிருக்க வேண்டும். சான்றிதழில் ஆரம்பித்த கேள்வி, முதல்வரின் அனுமதிக் கடிதத்தில் போய் நிற்கும். அந்த நேரத்தில் வகுப்பில் ஏற்படும் அமைதியை நான் அவசரப்பட்டுக் கலைப்பதில்லை.

விழா நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டுமா, இன்றிலிருந்து முன்னோக்கியா?

முதலில் முன்னோக்கிக் கூட்டுங்கள். அப்போதுதான் உண்மையான நீளம் தெரியும். பிறகு விழா நாளிலிருந்து பின்னோக்கி வந்து, எந்த நாளில் தொடங்கியாக வேண்டும் என்று பாருங்கள். பின்னோக்கி மட்டுமே போனால், இருக்கும் நாள்களுக்குள் வேலைகளை அமுக்கித் திணிக்கும் ஆசை வந்துவிடும்.

மேலே சொன்ன கருத்தரங்கின் சங்கிலியை எண்களோடு பார்ப்போம். இவை ஒரு வகுப்பு தன் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிட்ட நாள்கள். உங்கள் கல்லூரியில் மாறலாம். தேதிக்கும் அரங்கத்துக்கும் அனுமதி பெற 5 வேலைநாள். விருந்தினரின் சம்மதம் எழுத்தில் கிடைக்க 7. அழைப்பிதழ் வடிவமைக்க 3. அதைப் பிழை பார்த்துத் துறைத்தலைவரின் ஒப்புதல் பெற 2. அச்சிட 4. அழைப்பு போய்ச் சேர்ந்து பதிவு நடப்பதற்கு 10. பதிவு முடிந்த பின் உணவு எண்ணிக்கையைச் சொல்லிச் சான்றிதழ் அச்சிட 3. ஒத்திகைக்கும் அரங்க ஏற்பாட்டுக்கும் 1. கூட்டினால் 35 வேலைநாள். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்றால் சரியாக ஏழு வாரம். பலகையின் ஓரத்தில் நான்கு வாரம் என்று எழுதி வைத்த எண் இப்போது தன் வேலையைச் செய்யும்.

இந்த 35 நாளில் ஒலிபெருக்கி, தன்னார்வலர் பட்டியல், அறிவிப்புப் பலகை, இருக்கை வரிசை போன்ற எதுவும் வரவில்லை என்பதை மாணவர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள். அவற்றுக்கும் நாள் வேண்டும்தான். ஆனால் அவை இந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் இணையாக நடக்கக்கூடியவை. ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்க முடிகிற வேலைகளில் மிக நீளமான சங்கிலி எதுவோ, அதுவே விழாவின் குறைந்தபட்சக் காலத்தை முடிவுசெய்கிறது. மேலாண்மை வகுப்புகளில் இதைக் கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். மாணவர்களிடம் நான் ‘நீளச் சங்கிலி’ என்றே சொல்கிறேன்.

ஏழு வாரம் இல்லையென்றால் என்ன செய்வது? எல்லா வேலைக்கும் ஒவ்வொரு நாள் குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா?

அப்படிக் குறைப்பது தாளில் மட்டுமே நடக்கும். நாளைக் குறைப்பதை விட, காத்திருப்பை நீக்க முடியுமா என்று பார்ப்பது பலன் தரும். மேலே உள்ள சங்கிலியில் அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடலாம்.

ஒன்று, பதிவு தொடங்குவதற்கு அச்சிட்ட அழைப்பிதழ் தேவையா என்பது. ஒப்புதல் கிடைத்த அன்றே அழைப்பிதழின் படத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிப் பதிவைத் தொடங்கிவிடலாம். அச்சு வேலை பக்கத்தில் தனியாக நடக்கும். சங்கிலியிலிருந்து 4 நாள் கழிகிறது, மிச்சம் 31. மற்றொன்று வடிவமைப்பு. விருந்தினரின் பெயர் ஒரு வரிதான். அந்த வரிக்கு இடம் விட்டு மற்ற எல்லாவற்றையும் சம்மதத்துக்குக் காத்திருக்கும் நாள்களிலேயே வடிவமைத்து வைத்தால், பெயர் வந்ததும் சேர்க்க ஒரு நாள் போதும். இன்னும் 2 நாள் கழிந்து 29 ஆகிறது. யாரும் கூடுதல் வேகத்தில் வேலை செய்யாமலே ஆறு நாள் மிச்சமாகியிருக்கிறது.

சங்கிலியை விட்டு வெளியே வந்த அச்சு வேலைக்கு இப்போது தளர்வு கிடைத்திருக்கிறது. ஒப்புதலுக்குப் பின் விழாவுக்கு முன்பாகப் பதிவுக்கு 10, சான்றிதழுக்கு 3, ஒத்திகைக்கு 1 என 14 வேலைநாள் இருக்கின்றன. அச்சிட்ட அழைப்பிதழ் 5 வேலைநாள் முன்பாகவே கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 9 நாளுக்குள் முடிய வேண்டிய 4 நாள் வேலை அது. அதாவது, 5 நாள் தாமதமானாலும் விழா அசையாது. விருந்தினரின் சம்மதத்துக்கோ ஒரு நாள் தளர்வும் இல்லை. எந்த வேலைக்காகப் பதற வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்று பிரித்தறிய மாணவர்களுக்கு இந்த ஒப்பீடு ஒன்றே போதுமானது.

எதிர்பாராத தாமதத்துக்காகச் சேர்க்கும் நாள்களை எங்கே வைப்பது?

ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒளித்து வைக்க விடாதீர்கள். மூன்று நாள் வேலைக்கு ஐந்து நாள் என்று எழுதிவிட்டால், முதல் இரண்டு நாள் யாரும் அதைத் தொடவே மாட்டார்கள். ஒப்படைப்புத் தேதிக்கு முந்தைய இரவில் வேலையைத் தொடங்கும் மாணவர் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கூடுதல் நாள்களுக்கென வரைபடத்தில் தனி வரி இருக்க வேண்டும். அதைக் கையிருப்பு நாள் என்று வெளிப்படையாகவே எழுதலாம்.

பொதுவாக, கையிருப்பை மொத்தமாகச் சங்கிலியின் கடைசியில் வைக்கச் சொல்வார்கள். மாணவர் விழாக்களில் நான் அதைப் பிரித்து வைக்கிறேன். நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரின் பதிலை நம்பியிருக்கும் வேலைக்கு அடுத்ததாக ஒரு பங்கு, ஒத்திகைக்கு முன்பாக ஒரு பங்கு. நம் கருத்தரங்கில் 5 கையிருப்பு நாள்களை எடுத்துக்கொண்டு, விருந்தினரின் சம்மதத்துக்குப் பின் 3, ஒத்திகைக்கு முன் 2 என்று வைப்போம். அப்போது 1 முதல் 5 வரை அனுமதி, 6 முதல் 12 வரை சம்மதம், 13 முதல் 15 வரை கையிருப்பு, 16இல் பெயர் சேர்ப்பு, 17, 18இல் ஒப்புதல், 19 முதல் 28 வரை பதிவு, 29 முதல் 31 வரை உணவு எண்ணிக்கையும் சான்றிதழும், 32, 33 கையிருப்பு, 34 ஒத்திகை, 35ஆம் வேலைநாள் விழா. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தாமதம் வரும்போது இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பொறுப்பாளர் கட்டத்தில் ‘உணவுக் குழு’, ‘விளம்பரக் குழு’ என்று எழுதினால் போதாதா?

போதாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஒரு வரிக்கு ஒரு பெயர். இரண்டு பெயர் எழுதினாலே, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் நினைக்க இடம் கிடைத்துவிடுகிறது. ஒருமுறை எங்கள் விழாவில் ஒலிபெருக்கி வரிக்கு நேரே இரண்டு மாணவர்களின் பெயர் இருந்தது. ஒருவர் விலை கேட்டு வந்தார். மற்றவர் பதிவு செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மற்றவரோ, விலை கேட்டவரே பதிவும் செய்திருப்பார் என்று இருந்துவிட்டார். விழாவுக்கு முந்தைய மாலையில்தான் விஷயம் வெளியே வந்தது. இருவரும் பொறுப்பானவர்கள்தாம், பிழை வரைபடத்தில் இருந்தது, அதை அனுமதித்த என்னிடமும் இருந்தது.

பொறுப்பாளர் என்றால் எல்லா வேலையையும் தனியாகச் செய்பவர் என்று மாணவர்கள் புரிந்துகொண்டு பயப்படுவார்கள். அதைத் தெளிவுபடுத்த வேண்டும். வேலையை ஐந்து பேர் செய்யலாம். அது எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டிய கடமையும் அவருடையது. உதவியாளர்களின் பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பெயரை ஆசிரியர் நிரப்பக் கூடாது என்பது இன்னொரு விஷயம். மாணவர் தாமே முன்வந்து எடுத்துக்கொண்டு, தம் கையால் பெயரை எழுத வேண்டும். வகுப்புக்கு வராதவரின் பெயரை நண்பர்கள் எழுதிவிடும் வழக்கம் உண்டு. அந்த வரியைக் காலியாகவே கருதி, அவர் வந்து ஒப்புக்கொள்ளும் வரை சிவப்பில் விட்டுவையுங்கள்.

ஒரே மாணவரின் பெயர் பல வரிகளில் வந்துவிடுகிறது. இதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

வரைபடத்தை வேலை வரிசையில் பார்த்தால் இது தெரியாது. பொறுப்பாளர் பெயர் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒருவருடைய பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, ஒரே வாரத்தில் எத்தனை அடுக்காக நிற்கின்றன என்பது கண்ணில் படும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டைக்கு மேல் ஒருவரிடம் இருந்தால் மூன்றாவதை மாற்றச் சொல்வேன். சுறுசுறுப்பான மாணவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது நமக்கே வசதியாக இருப்பதால், இந்தத் தவற்றை மாணவர்களை விட ஆசிரியர்கள்தாம் அதிகம் செய்கிறோம்.

இறுதியாண்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. வேலைவாய்ப்பு நேர்காணல், செய்திட்ட மதிப்பாய்வு, உள்மதிப்பீட்டுத் தேர்வு ஆகியவை எந்த வாரத்தில் வரும் என்பது பாதிதான் தெரியும். தேதி தெரிந்தவற்றைப் பட்டை போடுவதற்கு முன்பே வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் அடைத்துவிட வேண்டும். தெரியாதவற்றுக்கு, நீளச் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரைக் கீழாண்டிலிருந்து வைத்துக்கொள்ளலாம். மாற்றாள் இருக்கும்போதும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கும். கைமாறும் நாளன்று வரைபடத்தில் பெயர் மாற வேண்டும். “நான் இல்லாதபோது அவர் பார்த்துக்கொள்வார்” என்ற வாய்மொழி ஏற்பாடு பழைய இரட்டைப் பெயர்ச் சிக்கலையே திரும்பக் கொண்டுவரும்.

ஆசிரியரின் பெயர் வரைபடத்தில் வரலாமா?

வரலாம், ஒப்புதல் தரும் வரிகளில் மட்டும். அதிலும் பொறுப்பாளர் மாணவரே. “துறைத்தலைவர் கையெழுத்திடவில்லை” என்பது தாமதத்துக்கான விளக்கமாக அடிக்கடி வரும். கோப்பு எந்த நாள் அவர் மேசைக்குப் போனது, அவருக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்று கேட்டால், கடைசி நாளில்தான் போயிருக்கும். ஆகவே ஒப்புதலைத் தனி வரியாகவே போட்டு, ஒப்புதல் தருபவரிடம் எத்தனை நாள் தேவைப்படும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

காகிதத்தை விட்டு எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் போடுவது எப்படி?

சுவரில் சீட்டுகள் ஒழுங்குபட்ட பின் மாறுவது நல்லது. அதற்கான தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. A நிரலில் வேலை, B இல் பொறுப்பாளர், C இல் தொடக்கத் தேதி, D இல் நாள்களின் எண்ணிக்கை, E இல் முடியும் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைத் தேதிகளை Holidays என்னும் தனித் தாளில் A2 முதல் எழுதுங்கள். E2 கட்டத்தில் இதை இடலாம்:

```
=WORKDAY(C2-1,D2,Holidays!$A$2:$A$20)
```

முடியும் தேதி வேலைநாள் கணக்கில் தானாக வரும். இரண்டாவது வேலை முதல் வேலைக்காகக் காத்திருக்கிறது என்றால், அதன் தொடக்கத் தேதியைக் கையால் தட்டாமல் C3 இல் இப்படி எழுத வேண்டும்:

```
=WORKDAY(E2,1,Holidays!$A$2:$A$20)
```

சுவரில் கண்டுபிடித்த காத்திருப்பு இந்த வரியின் மூலமாகத்தான் கணினிக்குள் வருகிறது. தேதிகளை எல்லாம் நேரடியாகத் தட்டி வைத்த வரைபடத்தில், ஒரு வேலை தள்ளிப்போனால் மற்றவை அசையாமல் நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஒரு வேலை இரண்டு வேலைகளுக்காகக் காத்திருந்தால் E2 இருக்கும் இடத்தில் MAX(E2,E5) என்று இடலாம்.

பட்டைக்கு, முதல் வரிசையில் F1 இல் முதல் வேலைநாளையும், G1 இல் கீழுள்ள வாய்பாட்டையும் இட்டு வலப்புறம் AN வரை இழுத்தால் 35 வேலைநாள்கள் வந்துவிடும்.

```
=WORKDAY(F1,1,Holidays!$A$2:$A$20)
```

பிறகு F2:AN26 பகுதியைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் இந்த வாய்பாட்டைக் கொடுத்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

```
=AND(F$1>=$C2,F$1<=$E2)
```

டாலர் குறிகள் இடம் மாறினால் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிதறும். மாணவர்கள் உதவி கேட்டு வரும்போது முதலில் அதைப் பாருங்கள். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை என்றே WORKDAY எடுத்துக்கொள்கிறது. சனிக்கிழமையும் கல்லூரி நடக்குமென்றால் WORKDAY.INTL செயல்பாட்டைப் பயன்படுத்த வேண்டும்.

வாரந்தோறும் கேட்டால் எல்லாரும் ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்கிறார்கள். உண்மை நிலையை எப்படி அறிவது?

சதவீதத்தைக் கேட்காதீர்கள். தொண்ணூறு சதவீதம் முடிந்த வேலை அடுத்த வாரமும் தொண்ணூறில்தான் இருக்கும். முதல் வகுப்பில் சீட்டில் எழுதிய மூன்றாவது வரி இங்கே உதவுகிறது. ‘விருந்தினரிடம் பேசியாயிற்று’ என்பதை முடிவின் அடையாளமாக ஏற்க முடியாது. அவருடைய சம்மத மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பதிவு ரசீது, அழைப்பிதழுக்கு ஒப்புதல் கையெழுத்து உள்ள படி, உணவுக்கு எண்ணிக்கையை ஏற்றுக்கொண்ட எழுத்துப்பூர்வ பதில் என்று ஒவ்வொன்றுக்கும் கையில் காட்டக்கூடிய ஒன்று இருக்கும். அது இருந்தால் முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. நடுநிலை எதுவும் கிடையாது.

கூட்டம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. சென்ற வாரம் முடிந்திருக்க வேண்டியவை எவை, இந்த வாரம் தொடங்க வேண்டியவை எவை, அவற்றைத் தொடங்குவதற்குத் தேவையானது கையில் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும். எல்லா வரிகளையும் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகும் கூட்டத்தில் ஐந்தாவது வரிக்குப் பின் யாரும் கவனிப்பதில்லை.

நடுவில் ஒரு வேலை தள்ளிப்போனால் மாணவர்கள் திட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்களே?

தாமதம் வரும் என்பதை முன்கூட்டியே ஒருமுறை வகுப்பில் நடத்திக் காட்டினால் இது குறையும். நம் கருத்தரங்கையே எடுத்துக்கொள்வோம். 10ஆம் வேலைநாளன்று விருந்தினர் வர இயலாது என்று சொல்லிவிடுகிறார். மாற்று விருந்தினரிடம் பேசி, 16ஆம் நாளில் சம்மதம் வருகிறது. 12இல் முடிய வேண்டியது 16இல் முடிந்திருப்பதால் 4 நாள் தாமதம். முதல் கையிருப்பு 3 நாளை விழுங்கிவிடுகிறது. மிச்சம் ஒரு நாள். பெயர் சேர்ப்பு 17, ஒப்புதல் 18, 19, பதிவு 20 முதல் 29 வரை, சான்றிதழ் 30 முதல் 32 வரை. இரண்டாம் கையிருப்பில் 33ஆம் நாள் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒத்திகையும் விழாவும் அசையவில்லை. இந்தக் கணக்கை மாணவர்கள் பலகையில் போட்டுப் பார்த்தால், தாமதம் என்பது குற்றம் என்ற எண்ணம் போய், எத்தனை கையிருப்பு செலவானது என்ற பேச்சு வரும்.

அதே நேரத்தில், கையிருப்பு ஒரு நாளாகச் சுருங்கிய பின் பழையபடி நடக்கக் கூடாது. பதிவை 10 நாளிலிருந்து 9 ஆக்கலாமா, சான்றிதழ்ப் படிவத்தைப் பெயரில்லாமல் முன்கூட்டியே அச்சிட்டுவிடலாமா என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். இன்னொன்றும் இந்த நிகழ்விலிருந்து பிறக்கும்: 10ஆம் நாள் வரை காத்திருக்காமல், 9ஆம் நாளுக்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் கேட்பது என்ற முடிவு நாளைத் திட்டம் போடும்போதே குறித்திருக்கலாம். வெளியாரை நம்பியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அத்தகைய ஒரு தேதியை எழுதும் பழக்கத்தை இந்தப் பயிற்சிக்குப் பின் நான் கட்டாயமாக்கிவிட்டேன்.

திருத்தும்போது பழைய பட்டையை அழிக்க விடாதீர்கள். முதல் திட்டத்தின் படி ஒன்றைத் தனித் தாளில் பூட்டி வைத்துவிட்டு, நடப்பைப் புதிய தாளில் திருத்த வேண்டும். இரண்டையும் ஒப்பிட முடியவில்லையென்றால், எந்த மதிப்பீடு தவறியது என்று அடுத்த ஆண்டு மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது.

விழா நாளுக்கும் இதே வரைபடம் பயன்படுமா?

பயன்படாது. நாள் கணக்கில் போட்ட வரைபடத்தில் விழா நாள் ஒரே கட்டம். அன்றைக்கு நிமிட வாரியான நிகழ்ச்சி நிரல் தனியாக வேண்டும். அதிலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் என்ற விதி மாறாது. ஒத்திகை நாளில் அதைக் கடிகாரத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

மதிப்பெண் எதற்கு அளிப்பது? விழா சிறப்பாக நடந்தால் முழு மதிப்பெண் தரலாமா?

விழாவின் வெற்றியை மட்டும் வைத்து மதிப்பிட்டால், கடைசி இரவில் எல்லாவற்றையும் சரிக்கட்டிய குழுவுக்கே மதிப்பெண் போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இவ்வளவும் செய்தோம். நான் மூன்றைப் பார்க்கிறேன். முதல் திட்டத்தில் காத்திருப்புகள் சரியாகக் கண்டறியப்பட்டிருந்தனவா, தாமதங்கள் எத்தனை நாள் முன்பாக அறிவிக்கப்பட்டன, ஒவ்வொரு முறையும் வரைபடம் திருத்தப்பட்டதா என்பவை அவை. இரண்டாவதற்கே அதிக எடை. ஒப்படைப்பு நாளன்று “முடியவில்லை” என்று சொன்னவருக்கும், மூன்று நாள் முன்பே “முடியாதுபோலிருக்கிறது” என்று சொன்னவருக்கும் வேலையின் நிலை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாமவர் மற்றவர்களுக்கு மூன்று நாளைக் கொடுத்திருக்கிறார்.

மதிப்பீட்டுக்கு நான் கேட்கும் ஒரே கூடுதல் எழுத்துவேலை, விழா முடிந்த வாரத்தில் ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் வரிக்கு எதிரே திட்டமிட்ட நாளையும் உண்மையில் ஆன நாளையும் எழுதித் தருவது. அந்தத் தாளை அடுத்த ஆண்டு முதல் வகுப்பில், சீட்டுகளில் நாள்களை எழுதி முடித்த பிறகு, மேசைமேல் வைத்துவிடுகிறேன்.